ரூமிங் லிஸ்ட்: ஆள்வாரியாகவா, அறைவாரியாகவா, வரும் நேரப்படியா?

எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை அக்காவுக்கு, சமையல் மாமாவுக்கு, வெளியூர்க்காரர்களுக்கு அறை போடுவது எனக்கு. யாரும் சொல்லிக் கொடுத்த வேலை இல்லை. முதல் தடவை நன்றாகச் சொதப்பினேன், அதற்குப் பிறகும் ஏனோ என்னிடமே விட்டுவிட்டார்கள். வேலூரிலேயே நாலைந்து விசேஷங்களுக்கு விடுதிகளுக்கு மெயில் அனுப்பிப் பார்த்ததில், யார் யார், எந்த அறையில், என்ன கட்டில், எப்போது வருகிறார்கள் என்ற அந்த ரூமிங் லிஸ்ட்டை எழுத மூன்று வழிகள்தான் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வரி, அறைக்கு ஒரு வரி, இல்லையென்றால் வருகிற நேரத்தின் வரிசை. மூன்றையும் அனுப்பிப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக நடந்தது அக்கா மகன் கல்யாணம். மண்டபம் சத்துவாச்சாரி, சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம். உள்ளூர் சொந்தம் எல்லாம் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் 27 பேர், 11 அறைகள். சென்னையிலிருந்து காரில் 10 பேர், கோயம்புத்தூரிலிருந்து இரவு ரயிலில் 8 பேர், பெங்களூரிலிருந்து ரயிலிலும் காரிலுமாக 7 பேர், அப்புறம் மாப்பிள்ளையின் நண்பர்கள் இரண்டு பேர், ஒருவன் வெள்ளி இரவே வருகிறான், இன்னொருவன் சனி மதியம். இந்த 27 பேரை வைத்தே மூன்று வழிகளையும் பார்ப்போம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஆள்வாரிப் பட்டியல்தான். வீட்டில் ஏற்கெனவே யார் வருகிறார்கள் என்று ஒரு எக்செல் இருக்கும், பெயர், வயது, போன் நம்பர், ஊர் எல்லாம் அதில் இருக்கும், பக்கத்தில் "அறை" என்று ஒரு கட்டம் சேர்த்து அப்படியே மெயிலில் இணைத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். அனுப்புகிறவருக்கு இதைவிடச் சுலபம் கிடையாது. ஆனால் ரிசப்ஷனில் இருப்பவர் 27 வரிகளைப் படித்து, 3ஆவது வரியில் இருப்பவரும் 19ஆவது வரியில் இருப்பவரும் ஒரே அறை என்று தானே கோத்துக்கொள்ள வேண்டும். கட்டில் வகை ஆளுக்கு நேராக எழுதியிருந்தால் இன்னும் மோசம். கணவர் வரியில் "டபுள்", மனைவி வரியில் "டபுள்" என்று இருப்பதைப் பார்த்து இரண்டு டபுள் அறை ஒதுக்கிவிட்ட கதை எனக்கே நடந்திருக்கிறது. இன்னொன்று, நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் முன்னால் நிற்கும். எக்செலில் அகரவரிசை போட்டால் பெயர்படி வராது, இனிஷியல்படி வரும், ஒரே குடும்பத்தில் கணவர் ஒரு மூலைக்கும் மனைவி ஒரு மூலைக்கும் போய்விடுவார்கள்.

முதல் தடவை நான் அனுப்பியது இந்த வகைதான். சித்தப்பா பெயரை வீட்டில் கூப்பிடுகிறபடி "பாபு" என்றே எழுதிவிட்டேன். விடியற்காலை அவர் ஆதாரை நீட்டினால் அதில் வேறு பெயர், பட்டியலில் தேடினால் இல்லை, இரவு ட்யூட்டிப் பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, என் போன் சைலண்ட்டில். ஆறரை மணி வரைக்கும் சித்தப்பாவும் சித்தியும் ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இன்றைக்கும் எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும் "டேய், என் பேரு எழுதிட்டியா" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்தப் பையன் மேல் தப்பில்லை. பட்டியலை மெயிலில் வாங்குகிறவர் பகலில் இருக்கும் முன்பதிவு ஆள், அதை வைத்துக் கதவு திறந்துவிடுகிறவர் இரவில் இருக்கும் வேறு ஆள். முன்பதிவுக்கு வேண்டியது எத்தனை அறை, என்ன கட்டில், எத்தனை இரவு. இரவுக்காரருக்கு வேண்டியது இப்போது முன்னால் நிற்கிறவர் எந்த அறை என்பது. ஆள்வாரிப் பட்டியல் இந்த இரண்டு பேருக்குமே உதவாது. அதை நான் என்னிடமே வைத்துக்கொள்கிறேன். போன் நம்பர், யார் சைவம், யாருக்குச் சர்க்கரை எல்லாம் அதில்தான் இருக்கும், விடுதிக்குப் போக வேண்டியதில்லை.

இரண்டாவது, அறைவாரி. அறைக்கு ஒரு வரி, அந்த வரிக்குள் தங்குகிறவர்கள், கட்டில், எந்த இரவு முதல் எந்த நாள் வரை, எத்தனை மணிக்கு வருகிறார்கள். விடுதிக்காரர் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதும் அறை அறையாகத்தான் என்பதால், இதைப் பார்த்தால் அவர் மறுபடியும் யோசிக்க வேண்டியதில்லை. அறை நம்பர் அன்றைக்குத்தான் தெரியும் என்பதால் நாமே அறை 1, அறை 2 என்று ஒரு எண் கொடுத்துவிட வேண்டும். அந்த எண்ணைக் கடைசி வரை மாற்றக் கூடாது. அறை 4 ரத்தானால் 4 காலியாகவே இருக்கட்டும், 5ஐ மேலே ஏற்றினால் முன்னால் போன மெயிலுக்கும் இதற்கும் முடிச்சு விழுந்துவிடும்.

ஒரு வரி எப்படி இருந்தது என்றால்:

அறை 5. இரண்டு தனித்தனிக் கட்டில், கூட ஒரு எக்ஸ்ட்ரா பெட். ஆண்கள் 3 பேர், பெயர்கள் கீழே. 12 வெள்ளி இரவு முதல் 14 ஞாயிறு வரை, 2 இரவு. விடுதிக்கு வரும் நேரம் 13 சனி அதிகாலை 4:40, காட்பாடி ரயில்.

இதில் மூன்று இடங்களில் நான் முன்பு அடி வாங்கியிருக்கிறேன்.

ஒன்று, கட்டில். "டபுள் ரூம்" என்றால் நமக்கு இரண்டு பேர் தங்கும் அறை, அவ்வளவுதான். விடுதிக்காரருக்கோ டபுள் என்றால் ஒரே பெரிய கட்டில், ட்வின் என்றால் இரண்டு தனிக் கட்டில், சில இடங்களில் அவர்களும் நம்மைப் போலவே இரண்டையும் டபுள் என்றே சொல்வார்கள். அதனால் இந்த வார்த்தையையே விட்டுவிட்டு "ஒரே பெரிய கட்டில்", "இரண்டு தனித்தனிக் கட்டில்" என்று விரித்து எழுதுகிறேன். கூடவே ஒரு கேள்வியை முன்னாடியே கேட்டுவிட வேண்டும்: உங்களிடம் தனிக் கட்டில் அறை மொத்தம் எத்தனை? எங்களுக்குத் தேவைப்பட்டது 5, அவர்களிடம் இருந்தது 4. இது பட்டியல் போடும்போதே தெரிந்ததால் இரண்டு அண்ணிகளிடம் கேட்டேன், பெரிய கட்டிலே போதும் என்றார்கள், முடிந்தது. அன்றைக்கு வந்து இறங்கிய பிறகு தெரிந்திருந்தால், நேற்றுத்தான் அறிமுகமான இரண்டு ஆண்கள் ஒரு கட்டிலில் படுத்திருப்பார்கள்.

எக்ஸ்ட்ரா பெட் என்பது பெரும்பாலும் தரையில் போடும் மெத்தை. இதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி, கூட மாமியார் என்று ஓர் அறை எங்களுக்கு இருந்தது. அறைக்குள் போனதும் யார் எங்கே படுப்பது என்று சங்கடப்பட வேண்டாம் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டோம். முட்டி வலிக்கிற பாட்டியும் மகளும் கட்டிலில், மருமகன் தரையில். விடுதிக்கு இது தேவையில்லாத தகவல்தான், ஆனால் மெத்தையை முன்னாடியே விரித்து வைக்கவும் என்று எழுதுவது தேவை, ஏனென்றால் விடியற்காலை நாலரைக்கு மெத்தை இருக்கும் அறையின் சாவி எங்கே என்று இரவுக்காரருக்குத் தெரியாது.

இரண்டு, பெயர். அறைக்கு முதல் பெயராக யாரை எழுதுவது? வீட்டுப் பழக்கத்தில் மூத்தவர் பெயரைத்தான் எழுதுவோம். நான் இப்போது அந்த அறைக்கு யார் முதலில் வந்து சேருகிறார்களோ அவர் பெயரை எழுதுகிறேன், அது இருபது வயதுப் பையனாக இருந்தாலும் சரி. மாப்பிள்ளையின் நண்பர்கள் அறைதான் 11. வெள்ளி இரவு வருகிறவன் பெயர் முதலில், "இன்னொருவர் 13 சனி மதியம் 3 மணிக்கு வருவார், அவருக்கும் சாவி கொடுக்கலாம்" என்று பக்கத்தில் ஒரு வரி. இந்த வரி இல்லையென்றால் இரண்டாவது ஆள் ரிசப்ஷனில் நின்று முதல் ஆளுக்குப் போன் அடித்துக்கொண்டிருப்பான், அவன் மண்டபத்தில் வாழைமரம் கட்டிக்கொண்டிருப்பான். பெயர்களை ஆதாரில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக் கூட்டலில் கொடுப்பது நல்லது, அவர்கள் தட்டுவது அதைத்தான். ஆதார் நகலை எல்லாம் மெயிலில் சேர்த்து அனுப்பச் சொன்னால் நான் அனுப்புவதில்லை, வருகிறவர்கள் நேரில் காட்டுவார்கள் என்று சொல்லிவிடுவேன். 27 பேருடைய ஆதார் ஒரே மெயிலில் போய் யார் யார் இன்பாக்ஸில் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது வந்தால் மட்டும் அந்த அறைக்கு நேராக முன்கூட்டியே குறிப்பிட்டுவிடுங்கள். அவர்களைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு விடுதிக்கு இருக்கிறது, பாஸ்போர்ட்டும், விசா அல்லது ஓசிஐ கார்டும் கையில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

மூன்று, தேதி. இதுதான் உண்மையில் பணம் போகிற இடம். கோயம்புத்தூர்க்காரர்கள் 8 பேர் காட்பாடியில் இறங்குவது சனிக்கிழமை அதிகாலை. அக்கா "அவங்க சனிக்கிழமை வராங்க" என்றுதான் சொன்னார், தப்பில்லை. ஆனால் மெயிலில் "13ஆம் தேதி முதல்" என்று எழுதினால், மதியம் 12 மணி கணக்கு வைத்திருக்கும் விடுதியில் அந்த அறை 13ஆம் தேதி மதியம் 12க்குத்தான் நமக்கு. அதிகாலை நாலரைக்கு அதில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள். வேண்டுமென்றால் 12 வெள்ளி இரவிலிருந்தே அந்த 3 அறைகளை எடுத்திருக்க வேண்டும். அதனால் வெள்ளி இரவுக்கு 4 அறைகள் (5, 6, 7, அப்புறம் நண்பர்களின் 11), சனி இரவுக்கு 11 அறைகள், மொத்தம் 15 அறை-இரவு. 11 அறை, ஒரு இரவு என்று மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்த மாமா 15க்கு பில் வந்ததும் சண்டைக்கு வந்தார். மெயிலில் இரவு வாரியாக எழுதியிருந்ததைக் காட்டியதும் அடங்கினார்.

வேலூரில் 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜுகளும் உண்டு, 12 மணிக் கணக்கு விடுதிகளும் உண்டு, எது என்று கேட்காமல் தேதியே எழுதக் கூடாது. 24 மணி நேரக் கணக்கில் அதிகாலை 4:40க்கு உள்ளே போனால் மறுநாள் 4:40க்கு முடிந்துவிடும், முகூர்த்தத்துக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் நாள் ஆரம்பித்துவிடும், ஆக அவர்களுக்கு எப்படிப் பார்த்தாலும் இரண்டு நாள் காசுதான். சனி மதியம் 2 மணிக்கு வரும் சென்னைக்காரர்களுக்குத்தான் இது லாபம், ஞாயிறு மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாக வந்து பெட்டி கட்டலாம். 12 மணிக் கணக்கில் அவர்கள் பந்தியில் உட்காரும் நேரத்தில் ரிசப்ஷனிலிருந்து போன் வரும். அதற்காக நான் மெயிலில் ஓர் அறையை மட்டும் ஞாயிறு மாலை வரைக்கும் கேட்டு வாங்கினேன், எல்லோர் பெட்டியும் அதில் போய் அடைந்தது.

அறைவாரிப் பட்டியலில் இன்னொரு வசதி, கணக்கு சரிபார்க்கலாம். அறைக்கு இரண்டு பேர் என்றால் 11 அறைக்கு 22. எக்ஸ்ட்ரா பெட் 4, ஆக 26. அம்மா அப்பாவோடு படுத்துக்கொள்ளும் 4 வயதுக் குழந்தை ஒன்று, ஆக 27. வீட்டு ஆள்வாரிப் பட்டியலிலும் 27 இருந்தால் யாரும் விட்டுப்போகவில்லை. 28 வந்தால் யாரோ ஒருவருக்குப் படுக்க இடம் இல்லை என்று அர்த்தம், அது யார் என்று அப்போதே தேடிவிடலாம். எத்தனை அறை, எத்தனை எக்ஸ்ட்ரா பெட், எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் மெயிலின் முதல் வரியிலேயே போடுகிறேன். அவர்கள் பதில் போடும்போது "11 அறை, 4 எக்ஸ்ட்ரா பெட், சரி சார்" என்று வந்தால் படித்திருக்கிறார்கள் என்று தெரியும். வெறும் "ஓகே சார்" வந்தால் நான் போன் செய்துவிடுவேன்.

ஆனால் அறைவாரிப் பட்டியல் மட்டும் போதுமா என்றால், எல்லோரும் ஒன்றாக ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினால் போதும். எங்கள் கூட்டம் ஆறு தடவையாக வந்தது. இரவுக்காரர் 11 வரியையும் ஓட்டிப் பார்த்து, இன்றைக்கு ராத்திரி யார் வருகிறார்கள் என்று பொறுக்கி எடுக்க வேண்டும், அவர் எடுக்க மாட்டார். அதற்குத்தான் மூன்றாவது வகை, வருகிற நேரத்தின் வரிசை. இதை மட்டும் தனியாக ஒரு தடவை அனுப்பிப் பார்த்தேன், டூர் கூட்டிப் போகிறவர் ஒருவர் சொன்னார் என்று. இரவு ஆளுக்குப் பிடித்திருந்தது, முன்பதிவு ஆளுக்குத் தலை சுற்றிவிட்டது, ஏனென்றால் நண்பர்கள் அறை போல இரண்டு நேரத்தில் நிரம்பும் அறை இதில் இரண்டு இடத்தில் வரும், அவர் அதை இரண்டு அறையாக எண்ணிவிட்டார். தனியாகப் போனால் இது ஆபத்து. அறைவாரிப் பட்டியலுக்குக் கீழே ஆறே வரியில் ஒட்டிக்கொண்டு போனால் அருமை:

12 வெள்ளி இரவு 9:30. அறை 11, ஒருவர் மட்டும்.
13 சனி அதிகாலை 4:40. அறை 5, 6, 7. 8 பேர்.
13 சனி காலை 11:00. அறை 8, 10. 4 பேர்.
13 சனி மதியம் 1 முதல் 3 வரை. அறை 1, 2, 3, 4. 10 பேர்.
13 சனி மதியம் 3:00. அறை 11, இரண்டாவது நபர்.
13 சனி மாலை 4 முதல் 6 வரை. அறை 9. 3 பேர்.

கூட்டினால் 27. 11 மணிக்கு வருகிறவர்களுக்கு 12க்கு முன் அறை தயாராக இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. "பெட்டியை மட்டும் வைக்க இடம் கொடுக்கவும்" என்று எழுதியதால் அவர்கள் பெட்டியை வைத்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு டிபனுக்கு வந்துவிட்டார்கள்.

நேரம் எழுதுவதில் ஒரு சின்ன விஷயம். டிக்கெட்டில் இருப்பது காட்பாடி நேரம். அங்கிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி ஆட்டோ பிடித்து விடுதிக்கு வர விடியற்காலையில் அரை மணிக்கு மேல் ஆகும், பகலில் கிரீன் சர்க்கிளில் மாட்டினால் சொல்லவே வேண்டாம். விடுதிக்கு வேண்டியது அவர்கள் வாசலில் நிற்கும் நேரம், அதைத்தான் எழுத வேண்டும். காரில் வருகிறவர்களுக்குச் சரியான நேரம் எழுதுவதே வீண். பெங்களூர்க்காரர்கள் 4 மணிக்கு வந்துவிடுவோம் என்று சத்தியம் செய்வார்கள், அப்புறம் ஆம்பூரில் பிரியாணிக்கு இறங்குவார்கள். அதனால்தான் 4 முதல் 6.

ஷேர் செய்யும் கூகுள் ஷீட் லிங்க் ஒன்றும் ஒரு தம்பி சொன்னான், மாற்றினால் அவர்களுக்கும் தானாக மாறிவிடும் என்று. மாறும், ஆனால் அவர்கள் புதன்கிழமை அச்செடுத்த தாள் மாறாது. எது மாறியது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. மெயிலின் உள்ளேயே பட்டியலை எழுதி, மாற்றம் வந்தால் அதே மெயிலுக்குப் பதிலாக "திருத்தம் 2: அறை 7 மட்டும், இரண்டு தனித்தனிக் கட்டில் வேண்டாம், ஒரே பெரிய கட்டில்" என்று முதல் வரியில் போட்டு, அதன் கீழே முழுப் பட்டியலையும் மறுபடி ஒட்டுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு மாற்றமாக அனுப்பினால் நாலாவது மாற்றத்தில் எது கடைசி என்று எனக்கே குழம்பிவிடும்.

நாலைந்து அறைக்கு இவ்வளவு தேவையில்லை, அறைவாரியாக அஞ்சு வரி போதும். எல்லோரும் ஒரே வண்டியில் வந்தாலும் நேர வரிசை வேண்டாம். பத்து அறையைத் தாண்டினாலோ, ஒரே ஓர் அறைக்காவது ஆட்கள் நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் நடுவில் வருகிறார்கள் என்றாலோ இரண்டையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். அந்த வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு நானே ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, "அண்ணே, விடியக்காலம் எட்டு பேரு, அறை அஞ்சு, ஆறு, ஏழு, தாள் இருக்கா" என்று கேட்டேன். இருக்கு என்றார். மெத்தை போட்டாச்சா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "இதோ போடச் சொல்றேன் சார்" என்றார்.